மாணவர் கட்டுரையில் பழகிய கருவி மருத்துவ ஆய்வறிக்கையில் ஏன் தடுமாறுகிறது?

ஓர் எழுத்து மனிதருடையதா, செயற்கை நுண்ணறிவுடையதா என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் கண்டறி கருவிகளில் பல, வகுப்பறையை மனத்தில் வைத்து உருவானவை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதும் இப்படியொரு கருவி வேண்டுமென்று முதலில் கேட்டவர்களில் ஆசிரியர்கள் முக்கியமானவர்கள். கருவியைப் பழக்கத் தேவையான மாணவர் கட்டுரைகளும் ஏற்கெனவே தொகுக்கப்பட்டுக் கிடைத்தன. அந்தக் கருவியையே பிறகு மருத்துவ ஆய்வறிக்கை, ஒப்பந்தம், தொழில்நுட்பக் கையேடு ஆகியவற்றின் மீதும் ஏவும்போது கோளாறு தொடங்குகிறது. பழகிய இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறொன்று என்றாகிவிடும் இந்த நிலையைக் கணினித் துறையில் களமாற்றம் என்கிறார்கள்.

கருவி எதைக் கற்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி. 2023 அக்டோபரில் காகிள் தளத்தில் ஒரு போட்டி தொடங்கியது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் தி லேர்னிங் ஏஜென்சி லேப் என்ற அமைப்பும் இணைந்து நடத்திய அதில், நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளையும் மொழி மாதிரிகள் எழுதிய கட்டுரைகளையும் பிரித்தறிய வேண்டும். மொத்தம் ஏழு தலைப்புகள். பயிற்சிக்குக் கொடுத்த கட்டுரைகள் அவற்றில் இரண்டே தலைப்புகளைச் சேர்ந்தவை. ஒன்று கார் ஓட்டத்தைக் குறைப்பதன் நன்மைகள், மற்றொன்று அமெரிக்க அதிபர் தேர்தலின் வாக்காளர் குழு முறை. ஏறத்தாழ 1,400 கட்டுரைகளில் செயற்கை நுண்ணறிவு எழுதியவை மூன்றே மூன்று. எனவே போட்டியாளர்கள் மொழி மாதிரிகளைக் கொண்டு தாங்களே கட்டுரைகளை எழுத வைத்து மறுபக்கத்தை நிரப்பினார்கள்.

இப்படி இரண்டு குவியல்களைக் கொடுத்தால், அவற்றைப் பிரிக்கும் எந்த அடையாளத்தையும் கருவி பிடித்துக்கொள்ளும். அந்த அடையாளத்துக்கும் மனிதத்தன்மைக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளி மாணவர் எழுத்தில் எழுத்துப்பிழை உண்டு, விட்டுப்போன காற்புள்ளி உண்டு, நீண்டு தடம் மாறும் வாக்கியம் உண்டு. மொழி மாதிரியின் எழுத்தில் இவை அநேகமாக இருக்காது. ஆகவே பிழை இருந்தால் மனிதர், வழுவழுப்பாக இருந்தால் இயந்திரம் என்பது அந்த இரண்டு குவியல்களுக்குள் நன்றாகவே வேலை செய்யும். மூன்று பேர் திருத்தி, பத்திரிகையின் மெய்ப்பு பார்ப்பவர் கையையும் கடந்து வந்த ஒரு மருத்துவரின் கட்டுரையில் பிழை எங்கிருந்து வரும்?

சில கருவிகள் இன்னொரு அளவையும் பார்க்கின்றன. ஒரு வாக்கியத்தின் அடுத்த சொல்லை ஒரு மொழி மாதிரியால் எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதே அது. ஊகிக்க எளிதாக இருந்தால் இயந்திரத்தின் பக்கம் சாயும். எதிர்பாராத சொற்கள் வந்தால் மனிதரின் பக்கம் சாயும். வாக்கியங்களின் நீளம் ஏறி இறங்குகிறதா என்பதும் கணக்கில் வரும். 2023 ஜனவரியில் வெளியான ஜிபிடிஜீரோ இந்த இரண்டு அளவுகளையும் முன்னிறுத்தித்தான் அறிமுகமானது.

ஆங்கில மருத்துவ இதழில் வரும் மருந்துப் பரிசோதனை ஆய்வறிக்கை ஒன்றின் செய்முறைப் பகுதியை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்பட்டது. பங்கேற்றவர்கள் அனைவரிடமும் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெறப்பட்டது. அவர்கள் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். நிகழ்தகவு மதிப்பு 0.05க்குக் கீழே இருந்தால் முடிவு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது எனக் கொள்ளப்பட்டது. எழுதியவர் யாராக இருந்தாலும் ஏறத்தாழ இதே சொற்கள்தாம் வரும். எவற்றையெல்லாம் குறிப்பிட வேண்டும் என்பதற்கு கன்சார்ட் என்ற வழிகாட்டி நெறியே இருக்கிறது. ‘ஒப்புதல்’ என்ற சொல் விழுந்ததும் ‘பெறப்பட்டது’ என்பதை எந்த மாதிரியும் ஊகித்துவிடும். அந்த ஒழுங்குதான் ஆய்வைச் சரிபார்க்கவும் ஒப்பிடவும் உதவுகிறது. கருவியின் கண்ணுக்கு அதுவே குற்றத்தின் தடயமாகிவிடுகிறது.

ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞரின் நிலையும் இதுவே. ‘குத்தகைதாரர்’ என்று ஓரிடத்தில் வரையறுத்துவிட்டால் கடைசிப் பக்கம் வரை அவர் குத்தகைதாரர்தான். அழகுக்காக வேறு சொல்லைப் போட்டால், வேறு ஆளைக் குறிக்கிறதா என்ற வழக்கு முளைக்கும். இணையத் தொழில்நுட்பத் தரங்களில் ‘கட்டாயம்’, ‘விரும்பத்தக்கது’ போன்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் எந்தப் பொருளில் மட்டும் வரலாம் என்பதை 1997இல் வந்த ஓர் ஆவணமே வரையறுத்திருக்கிறது.

அடுத்த சிக்கல் வெட்டுப்புள்ளியில் இருக்கிறது. கருவி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் ‘இயந்திரம்’ என்பதை மாணவர் கட்டுரைகளை வைத்து முடிவு செய்கிறார்கள். நூறு மாணவரில் ஒருவர் மட்டுமே தவறாக மாட்டும்படி 80 என்று வைத்ததாகக் கொள்வோம். மருத்துவ எழுத்தின் மதிப்பெண்கள் ஒட்டுமொத்தமாகவே மேலே நகர்ந்திருப்பதால், அதே 80ஐ மனிதர் எழுதிய ஆய்வறிக்கைகளில் நூற்றுக்கு இருபது தாண்டக்கூடும். ஓர் இதழுக்கு வந்த 1,000 கட்டுரைகளில் 50 உண்மையிலேயே இயந்திரம் எழுதியவை, அவற்றில் 40ஐக் கருவி பிடித்தது என்று வைத்துக்கொண்டாலும், மீதி 950இல் 190 பேர் வீணாக மாட்டுவார்கள். ஆக, குற்றம் சாட்டப்பட்ட 230 பேரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரபராதிகள். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களே. ஆனால் கருவியின் விளம்பரத்தில் ‘நூற்றுக்கு ஒன்று’ என்றுதான் இருக்கும், மாணவர் கட்டுரையைப் பொறுத்தவரை அது பொய்யும் அல்ல.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். நோயாளியின் சோதனை முடிவுகள், மருந்துப் பெயர்கள், சுருக்கெழுத்துகள் நிறைந்த குறிப்பை இயந்திரமே எழுதியிருந்தாலும், அரிய சொற்கள் அடுக்கடுக்காக வருவதால் அது மனிதர் எழுதியதாகத் தேறிவிடலாம். முன்னுரை, மூன்று காரணங்கள், முடிவுரை என்ற பள்ளிக் கட்டுரையின் அச்சில்தான் இயந்திரத்தைக் கருவி பார்த்துப் பழகியிருக்கிறது.

களம் சற்றே மாறினாலும் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஏழு கருவிகளும் ஏறக்குறைய சரியாகவே மதிப்பிட்டன. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்றன. அங்கே முக்கியமாக மாறியது எழுதியவரின் சொல்வளம்; இரண்டும் கட்டுரைகள்தாம். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் தன் கண்டறி கருவியை வெளியிட்டபோது, பயிற்சித் தரவிலிருந்து விலகிய எழுத்தில் இத்தகைய கருவிகள் தவறான முடிவிலும் மிகுந்த உறுதியைக் காட்டக்கூடும் என்று எச்சரித்திருந்தது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஒரு நிறுவனம் தன் துறைக்கு ஒரு கருவி பொருந்துமா என்பதைத் தானே சோதித்துக்கொள்ளலாம். 2022 நவம்பருக்கு முன் தன் ஊழியர்கள் எழுதிய, அதே வகை ஆவணங்களை எடுத்துக் கருவியிடம் கொடுக்க வேண்டும். அவற்றில் சாட்ஜிபிடியின் கை இருக்க வழியில்லை. எனவே கருவி சுட்டிக்காட்டும் ஒவ்வொன்றும் தவறான குற்றச்சாட்டு. இங்கே ஒரு கவனம் தேவை. இணையத்தில் ஏற்கெனவே பரவிய எழுத்தை மொழி மாதிரிகள் படித்திருக்கும் என்பதால் அதை எளிதில் ஊகித்துவிடும். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தையே சில கருவிகள் இயந்திரம் எழுதியது என்று சொன்னதற்கு இது ஒரு காரணம். ஆகவே வெளியில் அச்சாகாத கோப்புகளே நியாயமான சோதனை. எண்ணிக்கையும் போதுமான அளவு வேண்டும்: 300 ஆவணங்களில் ஒன்றுகூட மாட்டவில்லை என்றால்தான், தவறு நூற்றுக்கு ஒன்றுக்குள் இருக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். முப்பதைச் சோதித்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது.

இந்தச் சோதனை செய்யப்படாத துறையில் கருவி காட்டும் சதவீதத்தை, ஒரு மருத்துவர் மீதோ வழக்கறிஞர் மீதோ நடவடிக்கை எடுக்கச் சான்றாகக் கொள்ளக் கூடாது.