ஊதியம் பெறாத குடும்ப உழைப்பாளரும் சமூகக் காப்பீடும்

குடும்பத்துக்குச் சொந்தமான கடையிலோ நிலத்திலோ கூலி வாங்காமல் வேலை செய்யும் உறவினர் ஊதியம் பெறாத குடும்ப உழைப்பாளர் எனப்படுகிறார். இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, இவரைக் 'குடும்பத் தொழிலில் உதவியாளர்' என்று பெயரிட்டுச் சுயதொழில் புரிவோரின் ஒரு பிரிவாகக் கணக்கிடுகிறது. அந்த ஆய்வின்படி நாட்டில் வேலையில் உள்ள பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இப்பிரிவைச் சேர்ந்தவர்கள். புள்ளிவிவரத்துக்கு இவர்கள் உழைப்பாளர்கள்தாம். காப்பீட்டுச் சட்டங்களோ இவர்களை அப்படிப் பார்ப்பதில்லை.

சட்டம் எங்கே விலக்குகிறது

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தெருக்களில் காணப்படும் மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். உரிமம் 42 வயதுக் கணவரின் பெயரில் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டுகளை இறக்கி வைப்பதும், பகலில் கல்லாவில் அமர்வதும், இரவில் கடன் நோட்டைச் சரிபார்ப்பதும் 35 வயது மனைவி. 18 வயது மகன் கல்லூரி முடிந்து வந்து சரக்கு எடுத்து வைக்கிறான். 66 வயது மாமியார் பருப்பு, மிளகாய் பொட்டலம் கட்டுகிறார். கூலி வாங்குபவர் வெளியிலிருந்து வரும் ஓர் உதவிப் பையன் மட்டுமே.

தொழிலாளர் வைப்பு நிதி, தொழிலாளர் அரசுக் காப்பீடு ஆகிய இரண்டும் 'ஊதியத்துக்காக வேலைக்கு அமர்த்தப்பட்டவர்' என்ற சொல்லின் மேல் நிற்பவை. வைப்பு நிதிக்கு 20 பேரும் இ.எஸ்.ஐ.க்குப் பொதுவாக 10 பேரும் வேலை செய்ய வேண்டும் என்பதால் இந்தச் சிறு கடை எப்படியும் வெளியே நிற்கிறது. ஆனால் கடை எவ்வளவு வளர்ந்தாலும், ஊதியம் பெறாத மனைவி அந்தக் கணக்கில் வரமாட்டார். பங்குதாரராகச் சேர்த்தாலும் நிலை மாறாது. ராமானுஜா தீப்பெட்டித் தொழிற்சாலை வழக்கில், சம்பளம் பெறும் பங்குதாரரும் இ.எஸ்.ஐ. சட்டப்படி தொழிலாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) இன்னும் வெளிப்படையானது. முதலாளியோடு வாழ்ந்து அவரைச் சார்ந்திருக்கும் கணவன், மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரை 'வேலைக்கு அமர்த்தப்பட்டவர்' என்ற வரையறையிலிருந்து அது நீக்கிவிடுகிறது. ஆகவே வார விடுமுறையும் வேலை நேர வரம்பும் உதவிப் பையனுக்கு உண்டு. கடைக்காரரின் மனைவிக்கு இல்லை. குடும்பத்துக்குள் சட்டம் நுழைய வேண்டாம் என்ற எண்ணம் இதன் பின்னால் இருந்திருக்கலாம். விளைவு என்னவோ மனைவியின் தலையில்தான் விழுகிறது.

அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் (2008) மூவரைக் குறிப்பிட்டது: வீட்டிலிருந்து உற்பத்தி செய்பவர், சுயதொழில் செய்பவர், கூலித் தொழிலாளர். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதே மூன்று வகைகளைப் பின்பற்றுகிறது. கூலி பெறாத குடும்ப உறுப்பினர் என்று தனி வகை இல்லை. அவர் சுயதொழில் செய்பவர் என்று தம்மை அறிவித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

பிரான்சு நாட்டில் இதற்கு வேறு விடை கண்டார்கள். அங்கே 1982-ஆம் ஆண்டுச் சட்டம் 'உடனுழைக்கும் துணைவர்' என்ற நிலையை ஏற்படுத்தியது. கடையில் தொடர்ந்து உழைக்கும் மனைவிக்கோ கணவனுக்கோ ஏதேனும் ஒரு சட்ட நிலையைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது 2005-இல் கட்டாயமாக்கப்பட்டது. அந்த நிலையின் வழியே அவருக்குத் தம் பெயரிலேயே ஓய்வூதிய உரிமை சேர்கிறது.

திறந்திருக்கும் வழிகள்

இரும்புலியூர்க் கடைக்காரரின் மனைவிக்குச் சிக்கல் குறைந்த வழி அடல் ஓய்வூதியத் திட்டம் (2015). இதற்கு வேலைச் சான்றோ வருமானச் சான்றோ தேவையில்லை. வயது 18 முதல் 40 வரை இருக்க வேண்டும், அவர் பெயரில் சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும், வருமான வரி செலுத்துபவராக இருக்கக் கூடாது. 35 வயதில் சேர்ந்தால் மாதம் 902 ரூபாய் வீதம் 25 ஆண்டுகள் கட்ட வேண்டும். மொத்தம் 2,70,600 ரூபாய். 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் வரும். அவருக்குப் பின் அதே தொகை கணவருக்கும், இருவருக்கும் பின் சேர்ந்த நிதி நியமனதாரருக்கும் போகும். 40 வயது வரை தள்ளிப்போட்டால் அதே ஓய்வூதியத்துக்கு மாதம் 1,454 ரூபாய். 41-இல் கதவே மூடிவிடும். 18 வயது மகனுக்கோ 210 ரூபாய்தான்.

இத்தொகை விலைவாசியோடு உயராது. 25 ஆண்டுகளுக்குப் பின் வரும் 5,000 ரூபாயை இன்றைய 5,000 ஆக எண்ணக் கூடாது.

இதில் அடிக்கடி நேரும் பிழை எளியது. தவணை அவருடைய கணக்கிலிருந்து தானாகக் கழிக்கப்படுகிறது. கல்லாப் பணமோ கணவரின் கணக்கில் போய்ச் சேர்கிறது. மனைவியின் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் தவணை நிலுவையாகும், தாமதத்துக்கு அபராதமும் சேரும். பாஸ்புக்கில் மாதந்தோறும் கழிவு வரி இருக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் திட்டம் (2019) மலிவானது. 35 வயதில் மாதம் 150 ரூபாய் கட்டினால் மைய அரசும் 150 ரூபாய் சேர்க்கும்; 60 வயதில் மாதம் 3,000 ரூபாய். ஆனால் இது மாத வருமானம் 15,000 ரூபாயைத் தாண்டாத அமைப்புசாராத் தொழிலாளருக்கு உரியது என்பதால், முன்பு சொன்ன சுயதொழில் அறிவிப்பு இங்கே தேவைப்படுகிறது. இறப்புக்குப் பின் துணைவருக்குப் பாதிதான் கிடைக்கும். வணிகர்களுக்கென 2019-இல் வந்த இணைத் திட்டம் கடை உரிமையாளருக்கானது. இந்தக் குடும்பத்தில் உரிமையாளருக்கு 42 வயது ஆகிவிட்டதால் அவரும் அதில் சேர முடியாது.

விவசாயக் குடும்பத்தின் நிலை இதைவிட மேல். 2 எக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கான பிரதம மந்திரி கிசான் மான்தன் திட்டத்தில், விவசாயியின் துணைவர் தனியாகப் பெயர் கொடுத்துச் சேரலாம் என்று விதியே சொல்கிறது. வயலில் இறங்கும் மனைவிக்குக் கிடைத்த இந்த ஒரு வரி, கல்லாவில் அமரும் மனைவிக்குக் கிடைக்கவில்லை.

விபத்தும் நோயும்

அரிசி மூட்டையை இறக்கும்போது மனைவிக்கு இடுப்பு முறிந்தால், தொழிலாளர் இழப்பீடு என்று யாரிடமும் கேட்க முடியாது. அவருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம், விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் தரும். மூன்று மாதம் படுத்திருந்து எழுந்தால் ஒன்றும் தராது. இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு நோய்க்காலத்தில் ஊதியத்தின் ஒரு பகுதி வரும். ஊதியமே இல்லாதவருக்கு அதற்கு ஈடான திட்டம் ஏதுமில்லை.

மருத்துவச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது அதன் வரம்பு. இதில் மனைவி குடும்ப உறுப்பினராகவே இடம்பெறுகிறார். அவர் வேலை செய்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

பொட்டலம் கட்டும் 66 வயது மாமியாருக்கு ஓய்வூதியத் திட்டங்களின் வயது கடந்துவிட்டது. மாநில முதியோர் உதவித்தொகை ஆதரவற்றவர்களுக்கானது. கடை வைத்திருக்கும் மகனோடு வாழ்பவர் அதைப் பெறுவது அரிது. 70 வயது வரை அந்த 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டில் மட்டும் அவர் சேரலாம்.