நாளுக்கு 500 என்றுதானே சொன்னோம்?

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். கடை உதாரணத்துக்காகச் சொல்வதுதான், ஆனால் அதன் கணக்கு இணையத்தில் விளம்பரம் கொடுக்கும் எந்த வியாபாரிக்கும் வரக்கூடியது. உரிமையாளர் ஒரு விளம்பரத் தளத்தில் நாளுக்கு 500 ரூபாய் பட்ஜெட் போட்டிருந்தார். 2025 தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. அதற்கு முந்தைய ஐந்து நாட்கள், அதாவது 15 முதல் 19 வரை, பட்ஜெட்டை 1,500 ஆக உயர்த்தினார். பண்டிகை விடிந்ததும் மறுபடி 500க்கு இறக்கிவிட்டார்.

வங்கியிலிருந்து 15ஆம் தேதி 10,000 ரூபாய் போனதாகக் குறுஞ்செய்தி வந்தது. 18ஆம் தேதி இன்னொரு 10,000 போனது. தீபாவளி வியாபாரம் என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 28ஆம் தேதி மூன்றாவது 10,000 போனபோதுதான் பதறினார். நவம்பர் 1 அன்று 3,040 போனது. மொத்தம் 33,040. அவர் மனக்கணக்கில் போட்டது 20,500, ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு 24,190. மீதி 8,850 ரூபாய் எங்கே போனது?

பெரும்பாலோர் இந்த இடத்தில் எழுதும் மெயில் ஒரே மாதிரி இருக்கும். "28ஆம் தேதி என் அனுமதி இல்லாமல் 10,000 ரூபாய் எடுத்துவிட்டீர்கள். நான் சொன்னது நாளுக்கு 500தான். உடனே திருப்புங்கள்." கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் இந்த மெயில் தோற்றுவிடும். பணம் பிடித்த நாளும் பணம் செலவான நாளும் வேறு வேறு. தானாகப் பணம் கட்டும் முறையில், பாக்கி ஒரு வரம்பைத் தொட்டதும் தளம் அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்கிறது. வரம்பைத் தொடாத மிச்சத்தை அடுத்த மாதம் முதல் தேதி பிடிக்கிறது. இந்தக் கடைக்கு வரம்பு 10,000. ஆகவே 28ஆம் தேதி போன பணம் அன்றைய செலவு இல்லை, 18ஆம் தேதியிலிருந்து சேர்ந்த பாக்கி. "வரம்பை எட்டியதால் பிடித்தோம்" என்று ஒரு வரிப் பதில் வரும், புகார் மூடப்படும். பதில் உண்மைதான் என்பதால் மேற்கொண்டு வாதாடவும் முடியாது.

எனவே வங்கிக் குறுஞ்செய்திகளை ஓரமாக வைத்துவிட்டு, தினசரிச் செலவு அறிக்கையை எடுக்க வேண்டும். எடுத்ததும் இன்னொரு அதிர்ச்சி. பட்ஜெட் 1,500 என்றிருந்த 17ஆம் தேதி 2,900 ரூபாய் செலவாகியிருக்கிறது. இது தவறா? கூகுள் ஆட்ஸ் விதிகளில் 'நாள் பட்ஜெட்' என்பது உச்சவரம்பு இல்லை, சராசரி. தேடுபவர்கள் அதிகம் இருக்கும் நாளில் அதைப் போல இரண்டு மடங்கு வரை செலவழிக்கலாம், மந்தமான நாளில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மாதக் கணக்கில், நாள் பட்ஜெட்டை 30.4 ஆல் பெருக்கினால் வரும் தொகையைத் தாண்டி வசூலிக்கக் கூடாது. 365 நாளை 12 மாதத்துக்குப் பங்கிட்டால் வருவதுதான் அந்த 30.4. 500 ரூபாய் பட்ஜெட்டுக்கு மாத எல்லை 15,200. மெட்டா நிறுவனம் இதையே வாரக் கணக்கில் பார்க்கிறது: நாள் பட்ஜெட்டின் ஏழு மடங்குதான் வார எல்லை.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 2005இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து அச்சு நிறுவனம் ஒன்று, நாள் பட்ஜெட்டுக்கு மேல் வசூலித்ததாகக் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. அப்போது ஒரு நாளில் 20 சதவீதம் வரை கூடுதலாகப் போகலாம் என்பது நடைமுறை. பல விளம்பரதாரர்களுக்காக நடந்த அந்த வழக்கு 2009இல் 2 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆனால் நாள் பட்ஜெட் அதற்குப் பிறகும் கறாரான எல்லையாகவில்லை. 2017 அக்டோபரில் அந்த 20 சதவீதம் இரண்டு மடங்காகவே உயர்ந்தது. திரையில் 'நாள் பட்ஜெட்' என்று பெரிதாகக் காட்டிவிட்டு, அது சராசரிதான் என்பதை உதவிப் பக்கத்தில் விளக்குவது சிறு வியாபாரிக்குச் செய்யும் நியாயம் இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் விதி இன்று அதுதான். மெயில் அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

நம் கடைக்காரர் விளம்பரம் கொடுத்த தளத்திலும் இதே விதிதான் என்று வைத்துக்கொண்டு பில்லைப் பிரிப்போம். அக்டோபர் 1 முதல் 14 வரை செலவு 7,400. பட்ஜெட் உயர்ந்திருந்த ஐந்து நாட்களில் 11,000. எந்த நாளும் 3,000ஐத் தாண்டவில்லை, ஆகவே அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 19ஆம் தேதி இரவு வரை மொத்தம் 18,400.

முக்கியமான திருப்பம் 20ஆம் தேதியில் இருக்கிறது. மாத நடுவில் பட்ஜெட்டை மாற்றினால் மாத எல்லையும் புதிதாகக் கணக்கிடப்படும். அதுவரை செலவானதோடு, புதிய நாள் பட்ஜெட்டை மீதி நாட்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 20 முதல் 31 வரை 12 நாட்கள், நாளுக்கு 500 வீதம் 6,000. ஆக அக்டோபரின் எல்லை 24,400. அந்த 12 நாட்களில் உண்மையில் செலவானதோ நாளுக்கு 800 வீதம் 9,600. மாதச் செலவு 28,000.

ஒரு நாள் கூட 1,000 ரூபாயைத் தாண்டவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் விதிக்குள்தான் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால்தான் 27ஆம் தேதி மாத எல்லை உடைந்தது தெரியும். எல்லைக்கு மேல் போனது 3,600, அதற்கு ஜிஎஸ்டி 648, மொத்தம் 4,248 ரூபாய். கடைக்காரர் மனதில் இருந்த 8,850இல் கேட்க முடிந்தது இதுதான். மீதி 4,602 ரூபாய் விதி அனுமதித்த செலவு. அதையும் சேர்த்துக் கேட்டால், தளத்தின் ஊழியர் 17ஆம் தேதியை மட்டும் எடுத்துப் பதில் சொல்லிவிட்டு உண்மையான பிழையைத் தொடாமலே போய்விட வழி உண்டு.

மெயில் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் வரிசை இதுவே.

"பொருள்: அக்டோபர் மாத எல்லைக்கு மேல் வசூலான ரூ. 3,600 + ஜிஎஸ்டி ரூ. 648, கணக்கு எண் இன்னது.

அக்டோபர் 20 அன்று நாள் பட்ஜெட்டை ரூ. 1,500லிருந்து ரூ. 500 ஆகக் குறைத்தேன் (படம் 1). 19 வரை செலவு ரூ. 18,400. மீதி 12 நாட்களுக்கு ரூ. 6,000. உங்கள் விதிப்படி மாத எல்லை ரூ. 24,400. வசூலானது வரி நீங்கலாக ரூ. 28,000 (படம் 2). 15 முதல் 19 வரையான செலவை நான் ஆட்சேபிக்கவில்லை. நவம்பர் 6 வரை என் கணக்கில் இதற்கான வரவு எதுவும் இல்லை (படம் 3). ரூ. 4,248ஐத் திருப்பித் தாருங்கள். எல்லை வேறு தொகை என்றால், அதைக் கணக்கிட்ட முறையைத் தெரிவியுங்கள்."

கடைசி வாக்கியம் விலை மதிப்பு உள்ளது. வெறுமனே மறுத்துவிட முடியாது, மறுப்பவர் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும். நவம்பர் 6 வரை காத்திருந்ததற்கும் காரணம் உண்டு. எல்லை தாண்டிய செலவையும் போலிக் கிளிக்குகளையும் தளங்கள் பெரும்பாலும் தாமாகவே கழித்து வரவு வைக்கும், அந்த வரவு சில நாள் தள்ளியும் வரும். மாதம் முடிந்த மறுநாளே எழுதினால் "சரிசெய்துகொண்டிருக்கிறோம்" என்பதுதான் பதிலாக வரும்.

படம் 1 என்று குறித்தது, திரையில் Change history என்று இருக்கும் பதிவு. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்பது அதில் இருக்கும். மெயில் எழுதும் முன் அதை முழுதாகப் படித்துவிட வேண்டும். கணக்கைப் பார்த்துக்கொள்ள அனுமதி பெற்ற ஏஜென்சிக்காரர் 21ஆம் தேதி பட்ஜெட்டை 800 ஆக ஏற்றியிருந்தால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் விழுந்துவிடும். அப்போது கேள்வி கேட்க வேண்டியது ஏஜென்சியை. இரண்டாவதாக ஒரு விளம்பரப் பிரசாரம் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். கூகுளில் பட்ஜெட் பொதுவாக ஒவ்வொரு பிரசாரத்துக்கும் தனி.

தேதியில் ஒரு கண்ணி உண்டு. தளத்துக்கு நாள் என்பது கணக்கு தொடங்கியபோது குறித்த நேர மண்டலப்படிதான். தெரியாமல் அமெரிக்காவின் கலிபோர்னியா நேரத்தைக் குறித்திருந்தால், அக்டோபரில் நமக்குப் பகல் 12.30 மணிக்குத்தான் அங்கே தேதி மாறும். கடைக்காரர் 20ஆம் தேதி காலை செய்த மாற்றம் அந்தப் பதிவில் 19 என்றே இருக்கும், மீதி நாட்களும் 13 ஆகிவிடும். எல்லைத் தொகையும் மாறும். மெயிலில் நேர மண்டலத்தைக் குறிப்பிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

காலக்கெடுவையும் கவனியுங்கள். கூகுளின் விளம்பர ஒப்பந்தத்தில், கட்டணம் குறித்த ஆட்சேபம் 60 நாட்களுக்குள் எழ வேண்டும். அதற்குள் எழுப்பாத உரிமையை விளம்பரதாரர் விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும். தளத்தைக் கேட்காமல் நேராக வங்கியில் 'சார்ஜ்பேக்' போடுவது வேகமான வழி போலத் தெரியும். ஆனால் கட்டணம் திரும்பப் பெறப்பட்டதும் விளம்பரக் கணக்கையே முடக்கிவிடும் வழக்கம் தளங்களுக்கு உண்டு. வேறு யாரோ கார்டைத் திருடிப் பயன்படுத்தியிருந்தால் வங்கிதான் முதல் இடம், ரிசர்வ் வங்கி விதிப்படி மூன்று வேலை நாட்களுக்குள் சொல்வது நல்லது. நம் கடையில் நடந்தது அது இல்லை, விலைத் தகராறு.

பதில் திருப்தியாக இல்லையென்றால், அதே புகார் எண்ணில் அதே கணக்கை வைத்து மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் செய்பவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு தருகிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

பணம் திரும்பினால் அது பெரும்பாலும் வங்கிக்கு வராது, விளம்பரக் கணக்கில் வரவாகத்தான் வரும். அதற்குரிய கிரெடிட் நோட்டைக் கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும். 33,040 ரூபாய் பில்லை வைத்து 5,040 ரூபாய் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக ஏற்கெனவே எடுத்திருந்தால், அதில் 648 ரூபாயை அந்த நோட்டின்படி திருப்பிக் காட்ட வேண்டும்.