இட்லி மாவும் 14,000 ஃபாலோயர்களும்

கோயம்புத்தூருக்குள் மட்டும் வீடுகளுக்கு இட்லி மாவு அனுப்பும் ஒரு சிறு நிறுவனம், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்யப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சமையல் பக்கங்கள் கண்ணில் படுகின்றன. ஒருவருக்கு 80,000 ஃபாலோயர்கள், கேட்பது 25,000 ரூபாய். இன்னொருவருக்கு 14,000 பேர், கேட்பது 8,000 ரூபாய். பொதுவாக 10,000 முதல் ஒரு லட்சம் ஃபாலோயர்கள் வரை உள்ளவர்களை மைக்ரோ இன்ஃப்ளூயன்சர் என்பார்கள். இருவருமே அந்த வகைதான்.

முதலில் கேட்க வேண்டியது, பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை. பக்கத்தின் ‘இன்சைட்ஸ்’ பகுதியில் ஊர், வயது விவரம் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்திவிட முடியும் என்பதால் ஸ்கிரீன் ரெக்கார்டிங்காகக் கேட்பது நல்லது. பெரிய பக்கத்தில் கோவைக்காரர்கள் 5 சதவீதம் என்றால் 4,000 பேர். சிறிய பக்கத்தில் 55 சதவீதம் என்றால் 7,700 பேர். இவர்களிலும் எல்லோரும் ரீலைப் பார்ப்பதில்லை. ஆகவே கடைசிப் பத்து ரீல்களின் ரீச்சையும் கேட்க வேண்டும். பின்னூட்டங்களில் வெறும் இதயக் குறிகள் இருக்கின்றனவா, ‘இது எங்க கிடைக்கும்?’ என்று கேட்கிறார்களா என்பதும் நிறையச் சொல்லும்.

ஆளை முடிவு செய்தபின் பேச்சை எழுத்தில் வைக்க வேண்டும். ஒரு ரீல், இணைப்புடன் மூன்று ஸ்டோரிகள், வெளியாகும் தேதி, எத்தனை முறை திருத்தம், ரீல் எவ்வளவு காலம் பக்கத்தில் இருக்கும், போட்டி மாவை எத்தனை நாள் விளம்பரம் செய்யக் கூடாது, முன்பணம் எவ்வளவு. அந்த வீடியோவை நிறுவனம் தன் சொந்த விளம்பரத்தில் பயன்படுத்தலாமா என்பதை இப்போதே எழுதாவிட்டால் பிறகு தகராறுதான். ஆனால் வசனத்தை வரிக்கு வரி எழுதிக் கொடுத்தால் அவருடைய பேச்சு நடை போய்விடும். சொல்ல வேண்டிய இரண்டு மூன்று விஷயங்களைக் கொடுத்தால் போதும். விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவது கட்டாயம். 2021இல் இந்திய விளம்பரத் தர மன்றம் கொண்டுவந்த விதிகள், பணம் வாங்காமல் பொருளை மட்டும் இலவசமாகப் பெற்றவருக்கும் பொருந்தும்.

பலனை அளக்க, ஆளுக்கொரு கூப்பன் கோட் தரலாம். 2011இல் தொடங்கிய ஸ்வீடன் கைக்கடிகார நிறுவனம் டேனியல் வெலிங்டன், இன்ஸ்டாகிராமில் பலருக்குக் கடிகாரத்தைக் கொடுத்து, தள்ளுபடி கோடும் கொடுத்தே வளர்ந்தது. மாவுக்காரருக்கு அந்தக் கோட் வழியாக 64 புதிய வாடிக்கையாளர்கள் வந்தால், ஓர் ஆளுக்கு ஆன செலவு 125 ரூபாய். பாக்கெட்டுக்கு 25 ரூபாய் லாபம் என்றால், சராசரியாக ஒருவர் ஐந்து பாக்கெட் வாங்கினால்தான் போட்ட பணம் திரும்பும்.

கோட் போடாமல் வாங்குபவர்களும் உண்டு. கோட் வேறு கைகளுக்குப் போவதும் உண்டு. அதனால் ஆர்டர் எடுக்கும்போதே ‘எங்க பார்த்தீங்க?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் கழித்து அந்த 64 பேரில் எத்தனை பேர் இன்னும் வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகு, அடுத்த ரீலுக்கு விலை பேசலாம்.