சம்பளத்தில் எவ்வளவு தவணைக்கு வங்கி ஒப்புக்கொள்ளும்?

"எலிஜிபிலிட்டி வரல மேடம், எஃப்ஓஐஆர் அதிகமா இருக்கு." வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போன பலரும் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறது, சிபில் மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. அப்படியும் கேட்ட தொகையில் நாலைந்து லட்சம் குறைந்துவிடும். அதிகாரி ஏதோ மனம்போன போக்கில் குறைத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அது ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். வங்கிக்குப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

மாதா மாதம் கட்டியே ஆகவேண்டிய கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து, மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் என்பதுதான் எஃப்ஓஐஆர். பழைய கடன்களோடு இப்போது கேட்கும் கடனின் தவணையும் அந்தக் கூட்டலில் சேரும். இது இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நடுத்தரச் சம்பளக்காரர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 50 சதவீதம். சம்பளம் கூடக்கூட வரம்பையும் 60 வரை தளர்த்துவார்கள், சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் போக மிஞ்சுவது அவர்களுக்கு அதிகம் என்பதால். வீட்டுக் கடனுக்கு எல்லா வங்கிக்கும் பொதுவான ஒரே சதவீதம் கிடையாது. அதனால்தான் ஒரு வங்கி மறுத்ததை இன்னொரு வங்கி கொடுக்கிறது. நுண்கடனுக்கு மட்டும் ரிசர்வ் வங்கியே எல்லை போட்டிருக்கிறது: ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்தின் மொத்தக் கடன் தவணைகள், அதன் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2022 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. மொத்தச் சம்பளம் 62,000 ரூபாய். பி.எஃப். பிடித்தம் 3,600, வரி, காப்பீடு என்று சில்லறைப் பிடித்தங்கள் 400. அலுவலகக் கூட்டுறவு சொசைட்டியில் வாங்கிய கடனுக்கு மாதம் 3,000. எல்லாம் போக அவர் கணக்கில் ஏறுவது 55,000.

இங்கேதான் முதல் சறுக்கல். வங்கிக் கணக்கில் ஏறும் 55,000-ஐத் தன் வருமானம் என்று எடுத்துக்கொண்டு, சொசைட்டித் தவணை 3,000-ஐக் கடன் பட்டியலிலும் சேர்த்தால், ஒரே தவணையை இரண்டு முறை கழித்ததாகிவிடும். பி.எஃப்., வரி போன்ற பிடித்தங்கள் போனது போனதுதான். ஆனால் கடனுக்காகப் பிடிப்பதைச் சம்பளத்தோடு திரும்பக் கூட்டிக்கொண்டு, பிறகு கடன் பக்கத்தில் ஒரு முறை மட்டும் கழிக்க வேண்டும். ஆக, இவருடைய நிகர வருமானம் 58,000. அவசரத்தில் கணக்குப் போடும் முகவர்கள் இதில் தவறிவிடுவதுண்டு. 50 சதவீத வரம்பில் இந்த ஒரு தவறு மட்டும் மாதத் தவணையில் 1,500 ரூபாயைக் குறைத்துவிடும். அதைக் கடன் தொகையாகப் பார்த்தால் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. அதனால் எந்த எண்ணை வருமானமாக எடுத்தீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சில வங்கிகள் நிகரச் சம்பளத்தில் சதவீதம் பார்க்கும், சில மொத்தச் சம்பளத்தில் பார்க்கும். ஒரு வங்கியின் 50 சதவீதமும் இன்னொரு வங்கியின் 50 சதவீதமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சரி, 58,000-இல் பாதி 29,000. எல்லாத் தவணைகளும் இதற்குள் அடங்கவேண்டும். இவருக்கு ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன? சொசைட்டிக் கடன் 3,000, ஸ்கூட்டர் கடன் 3,200. கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. கார்டுக்கு நிலையான தவணை இல்லையே என்று தோன்றலாம். பல வங்கிகள் பாக்கித் தொகையில் 5 சதவீதத்தை மாதத் தவணையாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வகையில் 2,000. மூன்றும் சேர்ந்து 8,200. வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது 20,800.

இந்தத் தவணையைக் கடன் தொகையாக மாற்ற, லட்சத்துக்கு எவ்வளவு தவணை என்று தெரிந்தால் போதும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய். 20,800-ஐ 868-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24 லட்சம். இவர் கேட்டது 30 லட்சம்.

இப்போது அந்த 868-ஐத் திருப்பிப் பாருங்கள். மாதம் 1,000 ரூபாய்த் தவணை ஒன்று ஏற்கெனவே இருந்தால், அது வீட்டுக் கடனில் 1.15 லட்சத்தைத் தின்றுவிடுகிறது. அந்தக் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை இந்த விகிதம் கவனிப்பதில்லை, மாதம் எவ்வளவு போகிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. இந்தப் பெண்மணியின் ஸ்கூட்டர் கடனில் மிச்சம் இருப்பது நான்கே தவணை, மொத்தம் 12,800 ரூபாய். அதைக் கட்டி முடித்தால் அவருக்குக் கிடைக்கக்கூடிய வீட்டுக் கடன் 3.69 லட்சம் கூடுகிறது. இன்னும் ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும் கடன்களைச் சில வங்கிகள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ஆனால் எல்லா வங்கியும் அப்படி விடுவதில்லை. கார்டு பாக்கி 40,000-ஐயும் அடைத்துவிட்டால் இன்னும் 2.3 லட்சம். இரண்டுக்கும் சேர்த்துக் கையிலிருந்து போவது 52,800 ரூபாய். கிடைக்கும் கடன் 24 லட்சத்திலிருந்து 29.95 லட்சமாக ஏறிவிடுகிறது. சொசைட்டிக் கடனில் இன்னும் 90,000 பாக்கி என்று வைத்துக்கொண்டால், அதை அவசரப்பட்டு அடைக்கத் தேவையில்லை. முன்பணத்துக்காகச் சேர்த்ததை அதில் போட்டுவிட்டு, பத்திரச் செலவுக்குத் தடுமாற வேண்டாம்.

இதே இடத்தில் பலருக்குக் காட்டப்படும் வழி வேறு. "இருபதை இருபத்தைஞ்சு வருஷம் ஆக்கிடலாம் மேடம்" என்பார்கள். செய்யலாம்தான். 25 வருடத்தில் லட்சத்துக்குத் தவணை 805 ரூபாயாகக் குறைகிறது. ஸ்கூட்டரையும் கார்டையும் தொடாமல் அதே 20,800 ரூபாய்த் தவணைக்கு 25.83 லட்சம் கிடைக்கும். அதாவது கூடுதலாகக் கிடைப்பது 1.86 லட்சம். அதற்காக இன்னும் 60 மாதம், மாதத்துக்கு 20,800 வீதம், 12.48 லட்சம் கட்ட வேண்டும். 12,800 ரூபாய் ஸ்கூட்டர் பாக்கியை முடித்து 3.69 லட்சம் பெறுவது எங்கே, இது எங்கே? கடன் வாங்குபவர் முன்னால் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது வங்கியின் கடமை என்றே நான் நினைக்கிறேன். காட்டாவிட்டால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதுவரை வங்கியின் கண்ணோட்டம். அந்தக் கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. எஃப்ஓஐஆர் கடன்களைத்தான் எண்ணும். வாடகை, பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மாத்திரைச் செலவு எதுவும் அதில் இல்லை. மாதச் சீட்டு சிபில் அறிக்கையில் வராது. வங்கி கணக்கு அறிக்கையைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குக் கடன் வாங்கினால் சாவி கைக்கு வரும்வரை வாடகையும் போகும், கடனுக்கான வட்டியும் போகும். நம் பெண்மணி 29.95 லட்சம் வாங்கினால் தவணை 26,000. சொசைட்டியும் சேர்த்து 29,000. வாடகை 11,000, சீட்டு 5,000 என்று வைத்தால், குடும்பச் செலவுக்கு நிற்பது 13,000. வங்கியின் கணக்குப்படி அவர் வரம்புக்குள்தான் இருக்கிறார். வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் அந்த மாதம் கார்டில்தான் தேய்க்க வேண்டியிருக்கும்.

வட்டி ஏறினால் இன்னும் நெருக்கம். பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டிக் கடன்கள். 2022 மேயிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமானதை வீட்டுக் கடன் வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவருடைய வட்டி 8.5-லிருந்து 9.5 ஆனால் தவணை 1,900 ரூபாய் கூடி 27,900 ஆகும், விகிதம் 53 சதவீதத்துக்குப் போகும். தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டினால், தொடக்கத்திலேயே வட்டி ஏறியதாக வைத்துக்கொண்டால், 240 மாதக் கடன் கிட்டத்தட்ட 309 மாதமாகிறது. வட்டி ஏறினாலும் தாங்குமளவு இடைவெளி விட்டே கடன் அனுமதிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் கடன்தாரருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது.

அதனால் வங்கி 50 சதவீதம் அனுமதித்தாலும், ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு நிகர வருமானத்தில் 40 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதே சரி என்பது என் கருத்து. இவர் கணக்கில் அது 23,200. சொசைட்டி போக 20,200, அதாவது 23.3 லட்சம். மீதிக்குச் சற்றுச் சிறிய வீடு பார்க்கலாம், இல்லையென்றால் முன்பணத்தைக் கூட்டலாம். சம்பாதிக்கும் கணவரையும் கடனில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும்போது அவர் சம்பளத்தோடு அவருடைய கார் கடனும் கார்டு பாக்கியும் சேர்ந்தே கணக்கில் வரும் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஸ்கூட்டர் கடனை இன்று முடித்தால் நாளையே அது சிபில் அறிக்கையில் மறைந்துவிடாது. நிதி நிறுவனத்திடம் கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றைக் கையோடு வாங்கிவிடுங்கள். தவணையைத் தானாகப் பிடிக்க வங்கிக்குக் கொடுத்திருந்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள். சில வாரம் கழித்துச் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். அவசரம் என்றால் அந்தச் சான்றை விண்ணப்பத்தோடு இணைத்து, அந்த 3,200-ஐக் கழித்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.