விருந்தாளியிடம் ‘எனி’ வேண்டாம்

கேள்வி என்றால் ‘எனி’, சாதாரண வாக்கியம் என்றால் ‘சம்’ என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்த விதியை நம்பி, வீட்டுக்கு வந்தவரிடம் ‘வுட் யூ லைக் எனி காபி?’ என்று கேட்டால் இலக்கணப் பிழை இல்லைதான். ஆனால் உபசரிப்பின் இதம் குறைந்துவிடும். ‘காபி ஏதும் வேணுமா?’ என்று ஒப்புக்குக் கேட்பதுபோல் அது ஒலிக்கக்கூடும். ‘சம் காபி’ என்றால் ‘கொஞ்சம் காபி சாப்பிடுங்களேன்’ என்கிற தொனி. ‘ஆம்’ என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கும்போது ‘சம்’ வரும். பதில் எதுவாகவும் இருக்கலாம் என்றால் ‘எனி’.

எதிர்மறையில்தான் பொருளே புரண்டுவிடுகிறது. ‘ஐ டோன்ட் லைக் சம் ஃபில்ம்ஸ்’ தவறான வாக்கியம் அல்ல: சில படங்கள் பிடிக்காது, மற்றவை பிடிக்கும். ‘எனி ஃபில்ம்ஸ்’ என்றால் எந்தப் படமும் பிடிக்காது. நம் ‘சில’வும் ‘எந்த...உம்’மும் இதே வேறுபாட்டைக் காட்டுவதால், ஐயம் வந்தால் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். கையில் பணமே இல்லாதவர் ‘ஐ டோன்ட் ஹேவ் எனி மணி’ என்றே சொல்ல வேண்டும்.

‘நாட்’ கண்ணில் படாத இடத்திலும் கவனம் தேவை. ‘வித்அவுட்’, ‘ஹார்ட்லி’ ஆகியவற்றுக்குள் இல்லாமை ஒளிந்திருப்பதால், ‘வித்அவுட் எனி ஹெல்ப்’ என்பதே சரி.