ஒரு ஹீட்டுக்கு எத்தனை யூனிட்?

கோவையில் பம்ப் உறைகள் வார்க்கும் சின்ன பவுண்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே அரை டன் கொள்ளளவுள்ள இண்டக்‌ஷன் உலை இருக்கிறது. ஒரு டன் வார்ப்பிரும்பை 1,500 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி சுமார் 390 யூனிட் போதும். நடைமுறையில் 600 யூனிட்டை ஒட்டிப் போகும். சுருளைக் குளிரவைக்கும் தண்ணீரோடும், திறந்த வாய் வழியாகவும் மீதி போய்விடுகிறது. காலையில் உலை குளிர்ந்திருப்பதால் முதல் ஹீட் இன்னும் கூடுதலாக இழுக்கும்.

ஸ்கிராப் போடுமுன் மீட்டரைக் குறித்து, லேடிலில் ஊற்றியதும் மறுபடி பாருங்கள். 300 யூனிட் ஓடியிருந்தால், யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,400 ரூபாய். சரி, உலோகம் தயார், மோல்டு தயாரில்லை! மூடாத உலையில் அரை மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்ததில் இன்னும் 20 யூனிட் ஓடினால், டன்னுக்கு 640 ஆகிவிட்டது. இந்த 160 ரூபாயை உலைமேல் போடுவது நியாயமில்லை; அது மோல்டிங் பக்கத்துச் செலவு.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில். உருக்கிய 500 கிலோவில் ரன்னர், ரைசர், கழிவு வார்ப்பு போக நல்ல உருப்படி 300 கிலோதான் தேறுகிறது என்றால், கிலோவுக்கு மின்செலவு 5 ரூபாய் 12 காசு அல்ல, 8 ரூபாய் 53 காசு. மிச்சம் 200 கிலோ நாளைக்கு மறுபடி உலைக்கே வரும். அதை உருக்க மறுபடி கரண்டு கட்டணம்.