படத்தின் கீழே ஒரு கேள்வி: தளபாடக் கடைக்காரருக்குச் சில குறிப்புகள்

தளபாடக் கடைகள் தங்கள் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களில் போடும் படங்களின் கீழ் எழுதும் கேள்விகளைப் பற்றி இந்த மாத உரையில் பார்ப்போம். நம்மவர்களில் பலர் இங்கே ரொறன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் இத்தொழிலில் இருக்கிறார்கள். சோபாவும் கட்டிலும் வைக்கப் பெரிய இடம் வேண்டும், பெரிய இடத்துக்குப் பெரிய வாடகை வேண்டும். அந்த வாடகையைக் கட்ட ஆட்கள் உள்ளே வரவேண்டும். ஆகவே படத்தின் கீழ் எழுதும் இரண்டு வரியும் வியாபாரத்தின் ஒரு பகுதிதான்.

பெரும்பாலான கடைகள் எழுதுவது இப்படித்தான் இருக்கிறது: "புதிதாக வந்திருக்கும் எங்கள் சாப்பாட்டு மேசை! அழகாக இருக்கிறதா?" கேள்விக்குறி இருந்தாலும் இதைக் கேள்வி என்று சொல்ல முடியாது. அழகில்லை என்று கடைக்காரரின் முகத்துக்கு நேரே யார் சொல்வார்கள்? அழகு என்று சொல்பவரும் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விடுவார். நண்பர்கள் நாலு பேர் கைதட்டும் படம் போட்டுவிட்டுப் போவார்கள். வாங்க நினைப்பவர் பேசாமல் கடந்து போவார்.

நல்ல கேள்விக்கு மூன்று குணங்கள் உண்டு. முதலாவது, பதில் அவருடைய வீட்டிலேயே இருக்கவேண்டும், யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கக் கூடாது. இரண்டாவது, எந்தப் பதிலைச் சொன்னாலும் அவருக்கு வெட்கம் வரக்கூடாது. "பட்ஜெட் எவ்வளவு?" என்று ஊரறியக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது, பதில் வந்ததும் கடைக்காரர் பயனுள்ளதாக ஏதாவது திருப்பிச் சொல்லக் கூடியதாக இருக்கவேண்டும். இந்த மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கடையில் இரண்டு மேசைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 48 அங்குல விட்டமுள்ள வட்ட மேசை. மற்றது 60 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் உள்ள நீள மேசை. "வட்டமா, நீளமா, எது பிடிக்கும்?" என்று கேட்டால் பதில்கள் வரும், ஆனால் அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் சாப்பாட்டு அறை சதுரமா, நீளமா? சொல்லுங்கள், எந்த மேசை பொருந்தும் என்று நாங்கள் சொல்கிறோம்."

இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கதிரையைப் பின்னுக்கு இழுத்து எழும்பி நடப்பதற்கு, மேசை விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் 36 அங்குலம், அதாவது மூன்று அடி, விடுவது வழக்கம். அப்படியானால் வட்ட மேசைக்கு இரு பக்கமும் 36 சேர்த்து 120 அங்குலம் வேண்டும். அதாவது 10 அடிக்கு 10 அடி அறை. நீள மேசைக்கு 132 அங்குலமும் 108 அங்குலமும், அதாவது 11 அடிக்கு 9 அடி அறை. இரண்டு அறைகளின் பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 9 அடி அகலமான அறையில் வட்ட மேசையைப் போட்டால், ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலம் குறைந்துவிடும். கதிரை சுவரில் இடிக்கும்.

இப்போது ஒருவர், "எங்கட அறை 9க்கு 11" என்று எழுதுகிறார். கடைக்காரர் உடனே, "அப்படியென்றால் நீள மேசைதான் பொருந்தும். இரு பக்கமும் இரண்டிரண்டு பேர், முனைகளில் ஒவ்வொருவர், ஆறு பேர் இருக்கலாம். அறையில் அலுமாரி ஏதும் நிற்கிறதா?" என்று எழுதலாம். அவர் மறுபடி எழுதுவார். இதை வாசிக்கும் இன்னொருவர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போவார். மேசையை வாங்கிக் கொண்டுபோய், பொருந்தவில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிற அலைச்சலும் இரு பகுதிக்கும் மிச்சம்.

எழுதும்போது கேள்வியை முதல் வரியிலேயே வையுங்கள். நீண்ட குறிப்பின் முதல் ஓரிரு வரிதான் திரையில் தெரியும், மீதி மறைந்திருக்கும். ஒரு படத்துக்கு ஒரு கேள்வி போதும். தெரிவுகளை ஒற்றைச் சொல்லாகக் கொடுங்கள். கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் நம்மிடையே அதிகம், "வட்டம்", "நீளம்" என்றால் அவர்களுக்கும் சிரமமில்லை.

அடுத்தது வாக்கெடுப்பு. இன்ஸ்டகிராமின் ஸ்டோரியில் வாக்கெடுப்புப் போடும் வசதி 2017இல் வந்தது. விரலால் ஒருமுறை தொட்டால் வாக்கு விழுந்துவிடும், ஆகவே எழுதத் தயங்குபவர்களும் பங்குபற்றுவார்கள். ஆனால் ஸ்டோரி 24 மணித்தியாலத்தில் மறைந்துவிடும், வாக்குகள் கருத்துகளாகப் படத்தின் கீழ் வந்து சேர்வதுமில்லை. ஆகவே முதல் நாள் ஸ்டோரியில் வாக்கெடுப்பு வைத்து, மறுநாள் முடிவைப் படத்தோடு போட்டு, "நீள அறைதான் அதிகம் என்கிறீர்கள். அதில் மேசையை நடுவில் போட்டீர்களா, சுவரோடு போட்டீர்களா?" என்று கேட்பது நல்ல முறை.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. "வட்டம் என்றால் லைக், நீளம் என்றால் ஹார்ட்", "மூன்று நண்பர்களை டாக் பண்ணுங்கள்" என்று எழுதுவதை பேஸ்புக் தூண்டில் போடுவதாகவே கணிக்கிறது. அத்தகைய பதிவுகளைக் குறைவான ஆட்களுக்கே காட்டப்போவதாக 2017 டிசம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. உண்மையாக ஆலோசனை கேட்கும் பதிவுகளை இது பாதிக்காது என்றும் சொன்னது. பரிசுப் போட்டி வைப்பவர்களும் கவனிக்கவேண்டும். சொந்தப் பக்கத்தில் பகிர்ந்தால்தான் போட்டியில் சேரலாம் என்று நிபந்தனை போடுவது பேஸ்புக் விதிகளுக்கு முரணானது.

கேள்வி வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? மொத்தக் கருத்துகளை எண்ணி மகிழ வேண்டாம். அவற்றில் எத்தனை பேர் தங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னார்கள் என்று எண்ணுங்கள். அறை அளவு, பிள்ளைகளின் எண்ணிக்கை, ஒடுங்கிய படி, கொண்டோவின் மின்தூக்கி, இப்படி ஏதாவது. நாற்பது கருத்தில் முப்பத்தெட்டு கைதட்டல் என்றால் கேள்வி பிழை. பத்துக் கருத்தில் ஆறு பேர் அளவு சொன்னால் கேள்வி சரி. இன்னொன்று, நம் பக்கங்களில் கருத்து எழுதுபவர் யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ இருக்கும் உறவினராகவும் இருக்கலாம். அவருடைய வாக்கும் எண்ணிக்கையில் சேரும், ஆனால் அவர் கடைக்கு வரப்போவதில்லை. ஆகவே வாக்கெடுப்பில் எது வென்றதோ அதை மட்டும் பார்த்துச் சரக்கு இறக்கிவிடாதீர்கள்.

கடைசியாக, யாராவது விலை கேட்டால் "இன்பாக்ஸில் வாருங்கள்" என்று சொல்லாமல் விலையை அங்கேயே எழுதுங்கள். அதே கேள்வி மனதில் இருப்பவர்கள் பலர், கேட்டவர் ஒருவர்தான். வந்த கருத்துக்கு அன்றைக்கே பதில் எழுத ஆள் இல்லையென்றால், அன்று கேள்வி போடாமல் விடுவதே மேல். கேட்டுவிட்டுப் பதிலைக் கவனிக்காத கடைக்கு அடுத்த முறை யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.